மோகனத்தில் சொந்தமாகப் பாடப் பழகுவது எப்படி?

“ஆறு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறேன். வர்ணம், கீர்த்தனை எல்லாம் நன்றாகப் பாடம். ஆனால் ‘மோகனம் ஆலாபனை பண்ணு’ என்று டீச்சர் சொன்னால் ஆரோகண அவரோகணத்தையே சுற்றிச் சுற்றிப் பாடுகிறேன். கல்பனாஸ்வரம் பாடினால் இடத்துக்கு வந்து சேர முடியவில்லை. எப்படிச் சாதகம் செய்வது?”

மோகனத்தின் ஆரோகணம் ஸ ரி க ப த ஸ. பிலஹரிக்கும் அதே ஆரோகணம்தான். ஆகவே வெறும் ஏறுவரிசையைப் பாடினால் எந்த ராகம் என்று கேட்பவருக்குத் தெரியாது. மோகனம் அதன் பிடிகளில் இருக்கிறது. அந்தப் பிடிகள் எங்கே வந்து நிற்கின்றன என்பதிலும் இருக்கிறது. அவற்றைத் தேடி வெளியே போக வேண்டாம். ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரின் ‘நின்னுகோரி’ வர்ணம் உங்களுக்குப் பாடமாகியிருக்கும். தேவையானது அதில் நிறையவே உண்டு.

முதலில் மந்திர தைவதத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகவே கூடாது. வர்ணத்தில் அந்த எல்லைக்குள் வரும் துண்டு ஒன்றைத் தாளத்தை விட்டுவிட்டு அகாரத்தில் பாடி, காந்தாரத்தில் கார்வை கொடுத்து நில்லுங்கள். அடுத்து வேறு வழியாக வந்து அதே காந்தாரத்தில் நில்லுங்கள். த ஸ ரி க என்று ஒரு தடவை, ஸ ரி க ப க என்று ஒரு தடவை, க ப க ரி ஸ ரி க என்று ஒரு தடவை. சேரும் இடம் ஒன்றாக இருப்பதால் போகும் வழியை மாற்றத் தைரியம் வரும். சொந்தக் கற்பனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இது சரளமாக வந்த பிறகு பஞ்சமத்தில் நிற்பது, அப்புறம் தைவதம், அதற்கும் பிறகு தார ஸட்ஜம். மேல் ஸட்ஜத்தைத் தொடுவதற்கு முன்பே கேட்பவர் “மோகனம்” என்று சொல்ல வேண்டும். அதுதான் நீங்கள் சரியாகப் போகிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

ஃபோனில் பதிவு செய்து இரண்டு இடங்களைக் கவனியுங்கள். தார ஸட்ஜத்திலிருந்து தைவதத்துக்கு இறங்கும்போது குரல் வழுக்கி நிஷாதத்தைத் தொடுகிறதா? பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு வரும்போது இடையில் மத்யமம் எட்டிப் பார்க்கிறதா? இரண்டுமே பிலஹரியின் அவரோகணத்தில் உள்ள ஸ்வரங்கள். அவை லேசாகக் கேட்டால்கூட மோகனம் கலைந்துவிடும். பெரும்பாலும் கமகத்தை அளவுக்கு மீறி அசைப்பதுதான் காரணம். அந்த இரண்டு இறக்கங்களையும் அசைவே இல்லாமல் மெதுவாகப் பாடிச் சரிசெய்துவிட்டு, பிறகு கமகத்தைச் சேருங்கள்.

கல்பனாஸ்வரத்தில் இடம் தவறுவதற்குக் காரணம், ஆரம்பத்தை யோசித்துவிட்டு முடிவை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவது. முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள். ‘நின்னுகோரி’ ஆதி தாளத்தில் சமத்தில், காந்தாரத்தில் தொடங்குகிறது. வழக்கமாக வர்ணத்துக்கு ஸ்வரம் பாடுவதில்லை, ஆனால் வீட்டுச் சாதகத்துக்கு அந்த முதல் வரி மிகவும் தோதானது.

தாளத்தைப் போட்டுக்கொண்டு ஆறு அட்சரம் பேசாமல் இருங்கள். கடைசி திருதத்தில் மட்டும், தட்டுக்கு நான்கு ஸ்வரமாக, இதைப் பாடுங்கள்:

க ப த ப | க ரி ஸ ரி

உடனே ‘நின்னு’ என்று எடுங்கள். ரிஷபத்தில் முடிவதால் காந்தாரம் இயல்பாக வந்து பொருந்தும். முடிவை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் உள்ள நான்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். இது கை தவறாமல் வந்த பிறகு இரண்டு திருதத்துக்கும் நீட்டலாம்:

க , க ரி | ஸ ரி க ப | த , த ப | க ரி ஸ ரி

காற்புள்ளி முந்தைய ஸ்வரத்தின் நீட்டல். பிறகு முழு ஆவர்த்தனம். கோர்வைக்கும் கணக்குக்கும் அவசரம் வேண்டாம். சர்வலகுவாக நாலைந்து ஆவர்த்தனம் பாடி, விரலை எண்ணாமலே இடத்துக்கு வர முடிகிறவரை அவை தேவையில்லை. மனப்பாடம் செய்த கோர்வையை மட்டும் பாடுவது எனக்குக் கற்பனையாகப் படவில்லை.

முழு ஆவர்த்தனம் பாடும்போது நீங்கள் பெரும்பாலும் ஒரு ஸ்வரம் கூடவோ குறையவோ வந்து நிற்பீர்கள். அப்போது சட்டென்று நிறுத்திவிடாமல், கையில் தாளத்தை விடாமல் அடுத்த கடைசித் திருதம் வரை காத்திருந்து, பழகிய அந்த எட்டு ஸ்வரத்தோடு திரும்புங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஸ்வரங்களை இப்படி மாற்றிக் கோப்பது மோகனம், கல்யாணி போன்றவற்றில் செல்லும். ஸஹானாவில் செல்லாது. அங்கே ஸ்வரங்கள் வளைந்து வளைந்துதான் போகும். நேர்வரிசையாகக் கோத்தால் ராகமே மறைந்துவிடும். அதற்குப் பிடிகளை முழுசாகக் கேட்டு, கீர்த்தனைகள் வழியாகவே உள்வாங்க வேண்டும். மோகனம் கைக்கு வந்த பிறகு அதைத் தொடுங்கள்.