அப்பாவை வீட்டில் வைத்துப் பார்ப்பதா?

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. ஒரு மாதம் முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இல்லை. மூக்கில் டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்றிலிருந்து லேசான காய்ச்சல், எப்போதும் தூங்கியபடியே இருக்கிறார். ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஹோம் நர்ஸ் வைத்தால் போதாதா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

முதலில் இன்றைய காரியம். படுக்கையில் இருப்பவருக்குக் காய்ச்சலும் அசாதாரணத் தூக்கமும் சேர்ந்து வந்தால், காய்ச்சல் மாத்திரை கொடுத்து நாளை வரை பார்க்கக் கூடாது. அப்பாவின் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 25க்கு மேல் போனாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 92க்குக் கீழே காட்டினாலோ, எழுப்பினால் கண் திறக்காவிட்டாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரையையும் உடனே பாருங்கள். டியூபில் போகும் ஆகாரம் குறைந்து, மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை இறங்கி இப்படித் தூங்குவார்கள். 70க்குக் கீழே என்றால் அதுவும் அவசரம்தான்.

இந்த நிலையில் காய்ச்சல் பெரும்பாலும் நெஞ்சுச் சளியிலிருந்தோ சிறுநீர்த் தொற்றிலிருந்தோ வரும். நான் அதிகம் பயப்படுவது நெஞ்சுக்குத்தான். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படுவதால் எச்சில்கூட நுரையீரலுக்குள் போய்விடும். டியூப் இருப்பதால் இனி புரை ஏறாது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது சரியில்லை. வயிற்றுக்குப் போன கஞ்சி மேலே எதுக்களித்து வந்தும் நுரையீரலில் இறங்கும். அதனால் டியூபில் ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்கோரத்தில் டியூபில் இருக்கும் குறி இடம் மாறியிருந்தால் ஊற்ற வேண்டாம். டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திருப்பிச் செருகவும் வேண்டாம், நர்ஸிடம் விடுங்கள். ஒரு வேளைக்கு டாக்டர் சொன்ன அளவை, சாதாரணமாக 200 மில்லி அளவில் இருக்கும், சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் இருமினால் நிறுத்திவிட வேண்டும். வாயால் எதுவும் சாப்பிடாதவருக்கும் தினமும் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாயில் சேரும் கிருமிதான் எச்சிலோடு நெஞ்சுக்குப் போகிறது.

இனி அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். தொற்று வந்தால் ஆஸ்பத்திரி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து முடிந்த பிறகும் அங்கேயே வைத்திருந்தால் சாதாரண மருந்துக்குக் கேட்காத கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க, நெருக்கடியான வார்டில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். புரட்டாவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தும்போது அந்தச் சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை விட முடியாது.

ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சி அனுப்புகிறவர் பல சமயம் நர்ஸ் அல்ல, அட்டெண்டர். குளிப்பாட்டவும் புரட்டவும் அவர் போதும். டியூப் மாற்றவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். படித்துப் பதிவு செய்தவர் வேண்டும். சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், தயங்காதீர்கள். முழு நேரமும் நர்ஸ் வைக்கும் செலவு வேண்டாம் என்றால் பகலில் அட்டெண்டரும் வாரத்தில் ஓரிரு முறை நர்ஸும் என்று வைத்துக்கொள்ளலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரணக் கவனிப்பும் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நான் கேட்க விரும்புவது ராத்திரியைப் பற்றித்தான். அம்மா மட்டும் தனியாக அப்பாவைப் புரட்ட முடியாது, அவர் முதுகும் போய்விடும். ராத்திரிக்கு இன்னொரு ஆள் கிடைக்கவே வழியில்லை என்றாலோ, புண் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்டாலோ, அடிக்கடி சளியை மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டியிருந்தாலோ, நல்ல பராமரிப்பு இல்லம் தேடுவதில் தவறில்லை. அது அப்பாவைக் கைவிடுவதாகாது, இதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இப்போது அட்மிட் செய்தால், டிஸ்சார்ஜுக்கு முன் நீங்களும் அண்ணனும் வார்டு நர்ஸ் பக்கத்தில் நிற்க இரண்டு வேளை டியூபில் ஊற்றிக் காட்டுங்கள், புரட்டியும் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு அப்பாவை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.