சிக்னல் முழுதாக இருந்தும் செய்தி ஏன் போவதில்லை? திருவிழாக் கூட்டமும் செல்போன் நெட்வொர்க்கும்: கேள்வி-பதில்

பங்குனியில் பண்ணாரி, தைப்பூசத்தில் பழனியும் சென்னிமலையும், ஆடியில் அந்தியூர். கொங்கு நாட்டில் எங்கே கூட்டம் கூடினாலும் அடுத்த வாரமே வாசகர்களின் கேள்விகள் வந்துவிடுகின்றன. செல்போன் நிறுவனங்களின் ரேடியோ பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த முறை அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பண்ணாரி குண்டம் திருவிழாவில் வரிசையில் நின்றபோது போனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. ஒரு வரி வாட்ஸ்அப் செய்திகூடப் போகவில்லை. இது எப்படி? (சத்தியமங்கலம்)

அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: டவரில் இருந்து வரும் அலை உங்கள் போனுக்கு எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பது. உங்கள் போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா, கேட்டாலும் பதில் சொல்ல அதற்கு நேரம் இருக்கிறதா என்பதைக் கோடுகள் காட்டுவதில்லை. கூட்டத்தில் முதலில் அடைபடுவது போனில் இருந்து டவருக்குச் செல்லும் வழிதான்.

சும்மா இருக்கும் போனுக்கு 4ஜியில் தனி வழி எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றால் முதலில் டவரின் கதவைத் தட்டி, ‘எனக்கு இடம் வேண்டும்’ என்று கேட்க வேண்டும். டவரின் ஒரு ஆண்டெனா பார்த்துக்கொள்ளும் எல்லைக்கு ‘செல்’ என்று பெயர். இப்படித் தட்டுவதற்கு ஒவ்வொரு செல்லிலும் 64 குறியீடுகள் உண்டு. அவற்றில் சிலவற்றை வேறு வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, பொதுவாக 54 அளவில் எல்லோருக்கும் விடுவார்கள். ஒவ்வொரு போனும் அதில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பதுபோல எடுத்து அனுப்பும். ஒரே நொடித்துளியில் இரண்டு போன்கள் ஒரே குறியீட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டுக்குமே வழி கிடைக்காது. கொஞ்சம் காத்திருந்து மறுபடியும் தட்ட வேண்டும்.

இதைப் பண்ணாரிக்குப் பொருத்திப் பார்ப்போம். கோயிலைப் பார்த்து நிற்கும் ஒரு ஆண்டெனாவின் எல்லைக்குள் 20,000 போன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 10 வினாடிக்கு ஒரு முறை தட்டினால் வினாடிக்கு 2,000 தட்டல்கள். வினாடிக்கு 100 முறை தட்ட வாய்ப்புத் தரும்படி செல்லை அமைத்திருந்தால், ஒவ்வொரு வாய்ப்பிலும் 20 போன்கள் போட்டியிடும். உங்கள் போன் இன்னொன்றோடு மோதும் வாய்ப்பு அப்போது சுமார் 30 சதவீதம். மோதியவை எல்லாம் திரும்பத் தட்டுவதால் போட்டி ஏறுகிறது. ஒரு வாய்ப்புக்கு 54 போன்கள் என்று ஆகும்போது மோதல் 63 சதவீதத்தைத் தொட்டுவிடும். டவர் பதில் சொல்லும் வழி அதற்கு முன்பே நிரம்பிவிடுவதும் உண்டு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பதில் வராத போன், தன் குரல் எட்டவில்லை என்று கருதி அடுத்த முறை இன்னும் உரக்கத் தட்டும். அந்தச் சத்தம் மற்றவர்களுடைய போன்களுக்கு இரைச்சல். பையில் சும்மா கிடக்கும் போன்களும் மின்னஞ்சல், புதுப்பிப்பு, அறிவிப்பு என்று தட்டிக்கொண்டேதான் இருக்கும். யாரும் எதுவும் செய்யாத வரிசையிலும் நெட்வொர்க் திணறுவதற்கு இதுதான் காரணம். வரிசையில் நிற்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் அது உதவி.

வந்த படங்களைப் பார்க்க முடிகிறது. நான் எடுத்த வீடியோவை மட்டும் அனுப்ப முடியவில்லை. (கோபிசெட்டிபாளையம்)

டவர் ஒரு அலைவரிசையில் பல பத்து வாட் சக்தியோடு பேசும். உங்கள் போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட்டில்தான் பேசும். போதாக்குறைக்கு, 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற சில அலைவரிசைகளில் டவரில் இருந்து போனுக்கு வரும் இறக்கத்துக்கும், போனில் இருந்து டவருக்குப் போகும் ஏற்றத்துக்கும் ஒரே வழியை நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்குத்தான் போகிறது. சாதாரண நாள்களில் மக்கள் பார்ப்பது அதிகம், அனுப்புவது குறைவு என்பதால் அது சரியான பிரிப்பு. திருவிழாவில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

பண்ணாரியில் அதிகாலை இருட்டில் பூசாரி முதலில் குண்டம் இறங்குகிறார். அந்த ஒரு நிமிடத்தை ஆயிரம் கைகள் படம் பிடிக்கின்றன. 30 வினாடி வீடியோவை வாட்ஸ்அப் சுருக்கிய பிறகு அது 5 எம்பி என்று கொள்ளுங்கள். அதாவது 40 மெகாபிட். அந்த ஆண்டெனாவின் மொத்த ஏற்ற வேகம் கூட்ட நேரத்தில் வினாடிக்கு 20 மெகாபிட் என்றால், ஒரு வீடியோவுக்கு 2 வினாடி ஆகும். 600 பேர் சேர்ந்து அனுப்பினால் கடைசி ஆளுக்கு 20 நிமிடம். இடையில் வேறு யாரும் எதுவும் அனுப்பாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. நடுவில் அறுந்துபோன வீடியோக்கள் மறுபடி முயலும்போது அது இன்னும் நீளும்.

உங்கள் போனில் படங்களைத் தானாக இணையத்தில் ஏற்றிச் சேமிக்கும் வசதி மொபைல் டேட்டாவில் ஓடும்படி இருந்தால் அன்று ஒரு நாள் நிறுத்திவையுங்கள். நீங்கள் அனுப்ப நினைக்காத நூறு படங்களும் அந்த வரிசையில் முந்திக்கொண்டு நிற்கும்.

தேரோட்டத்துக்கு நடமாடும் டவர் வண்டி கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருந்தும் பெரிய மாற்றம் தெரியவில்லையே? (சென்னிமலை)

வண்டி வந்தால் மட்டும் போதாது; அதை எங்கே, எப்படி நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய டவருக்கு எதிரே புது வண்டியை முழுச் சக்தியில் ஓட விட்டால், இரண்டும் சேரும் இடத்தில் இருக்கும் போன்களுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதுபோல ஆகும். கோடுகள் கூடும், வேகம் கூடாது.

அதனால் அனுபவமுள்ள பொறியாளர் சக்தியைக் கூட்டுவதற்குப் பதில் குறைப்பார். ஆண்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தேர்வீதியின் இந்தத் துண்டு எனக்கு, அடுத்த துண்டு அடுத்த ஆண்டெனாவுக்கு என்று அலை பரவும் பரப்பைக் குறுகலாக்குவார். எல்லை குறுகக் குறுக ஒவ்வொரு ஆண்டெனாவின் கீழும் போன்கள் குறையும். ஆனால் தேர் நகரும்போது கூட்டமும் நகர்கிறது. காலையில் கிழக்கு வீதிக்குச் சரியாக இருந்த அமைப்பு மாலையில் மேற்கு வீதிக்குப் பொருந்தாது. கோயில் திருவிழாவின் உண்மையான கடினம் இதுதான்.

அடுத்தது, வண்டியில் இருந்து வெளி உலகத்துக்குப் போகும் இணைப்பு. கண்ணாடி இழைக் கம்பி கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் மைக்ரோவேவ் வட்டு வைத்து அடுத்த டவரோடு இணைப்பார்கள். அதன் கொள்ளளவு குறைவு. பண்ணாரி போன்ற இடத்தில் சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். வனநிலத்தில் கேபிள் தோண்டவோ நிரந்தர டவர் நிறுத்தவோ வனத்துறை அனுமதி வேண்டும். அழைப்பு உடனே இணைகிறது, ஆனால் இணையம் எல்லோருக்கும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பின் இணைப்புதான் நிரம்பியிருக்கும். அழைப்பே இணையவில்லை என்றால் நெரிசல் போனுக்கும் டவருக்கும் இடையிலான ரேடியோ வழியில் என்று கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் மென்பொருளில் செய்யும் மாற்றங்களும் உண்டு. ஒரு போன் பேசி முடித்த பிறகும் சில வினாடிகள் அதன் இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த நேரத்தைக் குறைத்தால் அடுத்தவருக்கு இடம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதே போன் அடுத்த செய்திக்கு மறுபடி கதவைத் தட்ட வேண்டும், தட்டல் கூடும். இரண்டில் எது முதலில் நிரம்புகிறது என்று அந்தந்த மணி நேரத்தில் எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மிகவும் முற்றினால் டவரே ஒரு விகிதத்தை அறிவிக்கும்: உதாரணமாக, பத்தில் மூன்று பேர் மட்டும் இப்போது தட்டலாம். ஒவ்வொரு போனும் தனக்குள் குலுக்கிப் பார்த்து, வாய்ப்பு இல்லை என்றால் சில வினாடிகள் தட்டாமல் அமைதியாக இருக்கும். காவல்துறை, மீட்புப் பணி போன்றவற்றுக்கென்று தனி வகுப்பு தரப்பட்ட சிம்களுக்கு விலக்கு அளிக்க முடியும். வாடிக்கையாளருக்கு இது எரிச்சலாக இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் எல்லோருக்கும் முழுதாக நின்றுபோகும் என்பதால், இது தேவையான நடவடிக்கை என்பதே என் உறுதியான கருத்து.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கடை போடுகிறேன். யுபிஐ பணம் பாதியில் நிற்கிறது. என்ன செய்வது? (அந்தியூர்)

யுபிஐக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு. ஆனால் அது குறித்த நேரத்துக்குள் போய்வர வேண்டும். நெரிசலில் பதில் தாமதமாகும்போது வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, உங்களுக்கு உறுதிச் செய்தி வராமல் போகலாம். அவர் உடனே இரண்டாம் முறை அனுப்புவார். சண்டை அங்கேதான் தொடங்கும். ஸ்கேன் செய்பவரின் போன்தான் இணையத்தை எட்ட வேண்டும் என்பதால் உங்கள் சவுண்ட் பாக்ஸ் நன்றாக இருந்து பயனில்லை. கடைக்கு அருகில் கம்பிவழி இணைய இணைப்பு கிடைத்தால், வைஃபையை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடுவதே சிறந்த வழி. அது இல்லாவிட்டால், சவுண்ட் பாக்ஸில் உள்ள சிம் ஒரு நிறுவனம், உங்கள் கைப்போன் வேறு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திணறும்போது மற்றொன்றில் உங்கள் கணக்கைச் சரிபார்க்கலாம். கழிந்த பணம் கடைக்கு உறுதியாகாவிட்டால் 5 நாள்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லி, இரண்டாவது முறை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் மைதானத்திலும் இதே கதைதானா? (வாழப்பாடி)

சிக்கல் ஒன்றே, தீர்வு எளிது. எத்தனை இருக்கை என்பது தெரியும், ஆட்கள் நகர மாட்டார்கள், கேபிள் முன்பே போட்டுவைக்கலாம். பெரிய மைதானங்களில் கூரையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் சிறு ஆண்டெனாக்களைப் பொருத்துகிறார்கள். மனித உடல் அலையை உறிஞ்சும் என்பதால், இருக்கைக்கு அடியில் உள்ள ஆண்டெனாவின் அலை சில வரிசைகளைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். அதே அலைவரிசையை அடுத்த பகுதியிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். விக்கெட் விழும்போதும் இடைவேளையிலும் ஏறும் திடீர் நெரிசல் மட்டும் அங்கேயும் உண்டு.

நெரிசல் என்று சொல்லி இணையத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார்களா? (ஈரோடு)

நிறுத்த வேண்டும் என்றால் அதற்கு அரசின் உயர்மட்ட ஆணை வேண்டும். நிறுத்தினால் எந்த நேரத்திலும் எவருக்கும் டேட்டா ஒரு துளிகூட வராது, அழைப்பு மட்டும் தெளிவாகப் போகும். நெரிசல் என்றால் விட்டு விட்டு வரும். இரவு 2 மணிக்குத் தானாகச் சரியாகிவிடும்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால், நெட்வொர்க் இல்லாதபோது 112 போகுமா? (காங்கேயம்)

மற்ற அழைப்புகளைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். அவசர அழைப்புக்கு டவர் முன்னுரிமை தருகிறது. மேலே சொன்ன குலுக்கல் கட்டுப்பாட்டிலும் அவசர அழைப்பைத் தனியாகத் திறந்து வைக்க முடியும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்தில் போன் வேறு நிறுவனத்தின் டவர் வழியாகவும் 112-ஐ முயலும். குடும்பத்தாருக்குச் சொல்ல வாட்ஸ்அப்பைவிட எஸ்எம்எஸ் நல்லது: மிகச் சிறியது, எதிர்முனையில் போன் கிடைக்காவிட்டாலும் நிறுவனத்தின் மையத்தில் சேமிக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். குழந்தையின் கையில் இரண்டு எண்களை எழுதிவிடுங்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் எண்களாக இருக்கட்டும்.