போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை: அறிவியல் சாருக்கு என்ன எழுதுவது?

"வணக்கம் டீச்சர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் நன்றாக நுரைக்கிறது. 'எங்கள் ஊர் தண்ணீர் மாசு' என்று சாஸ்திரமேளாவுக்கு பிராஜெக்ட் செய்ய ஆசை. அண்ணனிடம் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. தலைப்பு, செய்முறை எல்லாம் எழுதி லெட்டராகக் கொடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எங்கள் அறிவியல் சார் சொல்லிவிட்டார். என்ன எழுதுவது?"

முதலில் தலைப்பை மாற்றிவிடு. நீ கண்டது மாசு இல்லை, கடினத்தன்மை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. அது பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துவருகிறது. கேரளாவில் கரிசல் மண் இருப்பது சிற்றூர் தாலுகாவில்தான், அந்த மண்ணிலேயே சுண்ணாம்பு உண்டு. உங்கள் ஊரிலிருந்து வடக்கே வாளையாரில் சிமெண்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். போர் தண்ணீர் ஆழத்தில் பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்குவதால் அதிகம் கரைத்து வைத்திருக்கும். திறந்த கிணற்றில் மழைநீரும் வாய்க்கால் கசிவும் அவ்வப்போது கலக்கும். ஆக, உன் பிராஜெக்ட்டுக்கு ஒரே கேள்வி போதும்: ஒரே இடத்தில் உள்ள போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கடினத்தன்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன, கொதிக்க வைத்தால் அதில் எவ்வளவு குறைகிறது?

டிடிஎஸ் மீட்டரை அண்ணனிடமே கொடுத்துவிட வேண்டாம், ஆனால் அதை மட்டும் நம்பாதே. கரைந்துள்ள உப்புகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதைத்தான் அது அளக்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் உள்ள சோடியம் குளோரைடை அரை கிராம் எடுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பார். மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும், சோப்போ நன்றாகவே நுரைக்கும். இதற்குக் கடை கல் உப்பைப் போடாதே, அதில் மக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடினத்தன்மையை அளக்க உன் கையில் இருக்கும் கருவி சோப்பேதான். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரியாகிவிடும். வாளி ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அது இதுதான். இரண்டும் தீர்ந்த பிறகுதான் அடுத்து விழும் சோப்பு நுரையாகும். நுரை வரும்வரை எவ்வளவு சோப்புக் கரைசல் செலவானது என்று அளந்தால், தண்ணீரில் எவ்வளவு கடினத்தன்மை இருந்தது என்று தெரிந்துவிடும்.

சோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சலவைத் தூளும் ஷாம்பூவும் கடின நீரிலும் நுரைக்கும், அவை கூடவே கூடாது. குளியல் கட்டி வாங்கினாலும் உறையைப் படித்துப் பார். 'டாய்லெட் சோப்' கிரேடு 1 என்று இருந்தால் அதில் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவீதம். 'பாத்திங் பார்' என்று இருந்தால் செயற்கை நுரைப்பொருள் கலந்திருக்கலாம். வீட்டில் காய்ச்சிய தேங்காயெண்ணெய் சோப்பும் இதற்குச் சரிப்படாது. உப்புத் தண்ணீரில்கூட நுரைக்கக்கூடிய சோப்பு அது, வேறுபாடு மங்கிவிடும். ஒரே கட்டியை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை வைத்துக்கொள்.

அந்தக் கட்டியைச் சீவி 2 கிராம் எடுத்து, 200 மி.லி. வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் மெதுவாகக் கரை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் நீர் போதும், ஆனால் கேனில் 'டிமினரலைஸ்டு வாட்டர்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, பேட்டரி ஆசிட்டைத் தவறியும் எடுத்துவிடாதே. கரைசல் ஆறினால் கூழாகிவிடும், அன்றன்றைக்குச் செய்து அன்றே பயன்படுத்து.

இனி அளவீடு. மூடியுள்ள சுத்தமான கண்ணாடிப் புட்டியில் 20 மி.லி. தண்ணீர். ஊசி இல்லாத சிரிஞ்சால் சோப்புக் கரைசலை அரை மி.லி. அரை மி.லி.யாக விட்டு, ஒவ்வொரு முறையும் மூடிப் பத்து எண்ணும்வரை நன்றாகக் குலுக்கு. நுரை எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் இரண்டிரண்டு சொட்டாகக் குறைத்துக்கொள். புட்டியைப் படுக்க வைத்தால் மேலே முழுவதும் ஒரு நுரைப் படலம் பரவி, இரண்டு நிமிடம் உடையாமல் நிற்க வேண்டும். அதுதான் முடிவு.

இதில் ஒரு பொய் முடிவு உண்டு. மக்னீசியம் உள்ள தண்ணீரில், கால்சியம் தீர்ந்ததும் ஒரு நுரை வந்து நின்று காட்டும். அதை நம்பி நிறுத்தினால் அளவு குறைவாக வரும். எனவே நுரை நின்றதும் அளவைக் குறித்துக்கொண்டு, இன்னும் அரை மி.லி. விட்டுக் குலுக்கிப் பார். நுரை அப்படியே இருந்தால் குறித்த அளவு சரி. திடீரென்று அமுங்கிப்போனால் மக்னீசியம் பாக்கி இருக்கிறது, தொடர்ந்து விட வேண்டும். இப்படி அமுங்கிய தண்ணீர் எது என்று நோட்டில் எழுதி வை, நடுவர் கேட்டால் சொல்ல உனக்கு நல்ல விஷயம் அது.

செலவான மி.லி.யைக் கடினத்தன்மையாக மாற்ற, அளவு தெரிந்த ஒரு தண்ணீர் வேண்டும். ஆய்வகப் புட்டியில் CaCl₂·2H₂O என்று இருக்கும் கால்சியம் குளோரைடு 2.2 கிராம் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் 500 மி.லி. ஆக்கு. அதில் 50 மி.லி. மட்டும் எடுத்து மறுபடி 500 மி.லி. ஆக்கு. இரண்டாவதாகச் செய்ததுதான், வழக்கம்போல் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள நீர். இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், கட்டியாக நனைந்து கிடந்தால் வேறு புட்டி கேள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உன்னுடையவை வேறாக இருக்கும். காய்ச்சி வடித்த நீருக்கே 0.4 மி.லி. செலவானது என்று வை. நுரை எழும்பவே வேண்டிய சோப்பு அது, அதனால் எல்லாவற்றிலும் கழிக்க வேண்டும். 300 மி.கி. நீருக்கு 4.9 மி.லி. என்றால் கழித்தது 4.5. போர் தண்ணீருக்கு 7.9 என்றால் 7.5. இதை 4.5-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 500 மி.கி. கிணற்றுக்கு 3.4 என்றால் 3.0, அதாவது 200 மி.கி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இல் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் உங்கள் போர் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதே எண்ணிலிருந்து வீட்டுக்குப் புரிகிற ஒரு விஷயமும் வரும். 20 மி.லி. போர் தண்ணீர் 7.5 மி.லி. கரைசலை விழுங்கியது என்றால் அது 0.075 கிராம் சோப்பு. 15 லிட்டர் வாளி முழுவதையும் நுரைக்க வைப்பதானால், நுரை வருவதற்கு முன்பே ஐம்பது கிராமுக்கு மேல் சோப்பு வெள்ளைத் திரியாக வீணாகும். கிணற்றுத் தண்ணீர் என்றால் இருபது கிராம் சொச்சம்.

அப்புறம் கொதி நீர். போர் தண்ணீர் 200 மி.லி. அளந்து இருபது நிமிடம் கொதிக்க விடு. மேலே ஆடைபோல மெல்லிய வெள்ளைப் படலம் மிதக்கும், ஆறியதும் அடியில் தூளாக இறங்கும். பைகார்பனேட்டாகக் கரைந்திருந்த சுண்ணாம்பு கார்பனேட்டாகப் பிரிந்து வந்தது அது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி விடும். வடிகட்டிய பிறகு மறக்காமல் செய்ய வேண்டியது: ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி 200 மி.லி. ஆக்கு. இதைச் செய்யாவிட்டால் மீதி உப்பு செறிவாகி, கொதித்தும் கடினம் குறையவில்லை என்று தவறான முடிவு வரும். முன்பு 500 இருந்தது இப்போது 260 என்றால், 240 தற்காலிகக் கடினம். மீதி 260 சல்பேட்டும் குளோரைடும், அது அடுப்புக்கு அசையாது.

தண்ணீர் எடுப்பதில் ஒரு நியாயம் வேண்டும். போரும் கிணறும் ஒரே தோட்டத்தில் இருக்கிற ஐந்து வீடுகளைத் தேடு. உங்கள் போரை மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றோடு ஒப்பிட்டால், வேறுபாடு ஆழத்தால் வந்ததா இடத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடி, குழாயில் தேங்கியது வேண்டாம். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, ஆழத்தை வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடு. எது எந்தத் தண்ணீர் என்று உனக்குத் தெரியாதபடி தோழி எண் ஒட்டித் தரட்டும். எது போர் என்று தெரிந்தால் கை தானாகவே இன்னும் இரண்டு சொட்டு விடும்.

இந்த முறை துல்லியமானதில்லை, பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். 480-க்கும் 500-க்கும் வித்தியாசம் கண்டதாக எழுதாதே. இது ஃப்ளூரைடைக் காட்டாது என்பதையும் எழுதிவிடு. உங்கள் பக்கத்துப் போர்கள் சிலவற்றில் அது அளவுக்கு மேல் இருப்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, குடிக்கலாமா கூடாதா என்று சோப்பை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அதற்கு கேரள வாட்டர் அதாரிட்டியின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

லெட்டர் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"சாருக்கு வணக்கம். எங்கள் ஊரில் ஒரே தோட்டத்தில் உள்ள போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கடினத்தன்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஐந்து இடங்களில் சோப்புக் கரைசல் முறையில் அளந்து பார்க்க நினைக்கிறேன். போர் தண்ணீர் அதிகக் கடினமாக இருக்கும் என்றும், கொதித்தால் அதில் ஒரு பகுதி மட்டுமே குறையும் என்றும் எதிர்பார்க்கிறேன். கிணற்றுத் தண்ணீருக்கும் அதே அளவு சோப்பு செலவானால் என் எண்ணம் தவறு என்று எழுதுவேன். எனக்கு மூன்று உதவி வேண்டும் சார். கால்சியம் குளோரைடு கரைசல் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு போர் தண்ணீரையும் ஒரு கிணற்றுத் தண்ணீரையும் மட்டும் பிளஸ் டூ ஆய்வகத்தில் ஈடிடிஏ முறையில் அளந்து என் எண்ணோடு ஒப்பிட அனுமதி வேண்டும். ஐந்து இடம் போதுமா என்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் முதல் சோதனை செய்த நோட்டை இதோடு வைத்திருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு முன் சோதனையை ஒரு தடவை செய்துவிடு. கால்சியம் குளோரைடு இல்லாமலே, சமையலறை மேஜையில் போரையும் கிணற்றையும் மட்டும் அளந்து பார்க்கலாம். செலவான மி.லி. இரண்டையும் நோட்டில் எழுதி, சோப்பு உறையையும் அதில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடு.