கர்ப்பத்தில் முருங்கைப்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 9 வாரம். முருங்கைக்கீரை, காய் எல்லாம் நிறையச் சாப்பிடு என்கிறார்கள். இடுப்பு வலிக்கு முருங்கைப்பட்டைக் கஷாயம் நல்லது என்றும் ஒருவர் சொன்னார். ஒரே மரம்தானே, குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். கீரையையும் காயையும் வழக்கம்போலச் சமைத்துச் சாப்பிடுங்கள். பட்டை, வேர், வேர்ப்பட்டை மூன்றும் கஷாயமாகவோ பொடியாகவோ இப்போது உங்கள் வயிற்றுக்குள் போக வேண்டாம்.

மூலிகைப் பொடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அது இலையா, பட்டையா, வேரா என்று மாணவர்களுக்குக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அப்படியிருந்தும், ஏறக்குறைய உங்கள் கேள்வியையே என் தங்கை போனில் கேட்டபோது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. காரணம், அவள் குடித்துவிட்டுத்தான் கேட்டாள். அப்போது அவளுக்கு 8 வாரம். “அக்கா, முருங்கைப் பொடி ரெண்டு நாள் வெந்நீர்ல கலக்கிக் குடிச்சேன். ஆனா இது பச்சையா இல்லையே, பழுப்பா இருக்கே?” என்றாள்.

அந்தப் பழுப்பு நிறம்தான் விஷயம். நிழலில் காயவைத்த கீரைப் பொடி பச்சையாக இருக்கும், பழசானால் கொஞ்சம் மங்கும். பட்டைப் பொடி மரத்தூள் மாதிரி பழுப்பாக, நார் நாராக இருக்கும், விரலில் தேய்த்தால் சொரசொரக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். முன்னால் பெரிய எழுத்தில் வெறும் ‘முருங்கை’. பின்னால் பொடி எழுத்தில் ‘இலை, பட்டை, வேர்’. அவள் கண்ணில் பட்டது முன்பக்கம் மட்டும்.

சரி, ஒரே மரத்தில் ஏன் இந்த வித்தியாசம்? முருங்கை வேரைக் கீறி முகர்ந்து பார்த்தவர்களுக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே காரம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் ஊரின் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்குக்குப் பதிலாக இளம் முருங்கை வேரைத் துருவிப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு அந்தப் பெயரும் உண்டு. அப்படிப் பயன்படுத்தும்போதும் வேரின் மேல்தோலைச் சீவி எறிந்துவிட வேண்டும் என்பது எச்சரிக்கை, ஏனென்றால் விஷத்தன்மை அதிகம் சேர்ந்திருப்பது அந்தத் தோலில். நசுக்கும்போது உண்டாகும் ஐசோதயோசயனேட் என்ற எரிச்சலூட்டும் பொருள்தான் அந்தக் காரம். அது போக, வேர்ப்பட்டையில் மொரிஞ்சினின் என்றொரு ஆல்கலாய்டு இருக்கிறது. அது இதயத்தைத் தூண்டி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. கர்ப்பத்தில் அழுத்தம் ஏறுவது எவ்வளவு வேண்டாத வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முதல் கவலை கர்ப்பப்பைதான். மரபு மருத்துவத்திலேயே பட்டைக்கும் வேருக்கும் தடைப்பட்ட மாதவிலக்கை வரவைக்கும் குணம் சொல்லப்பட்டிருக்கிறது. மாதவிலக்கை வரவைப்பது என்றால் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கருவைக் கலைக்கப் பட்டையைப் பயன்படுத்தி, சுருக்கம் கட்டுக்கு மீறிப்போய்த் தாயின் உயிருக்கே ஆபத்தான பதிவுகளும் உண்டு. 1980களில் இந்தியாவில் எலிகளுக்கு வேரின் நீர்ச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கரு கர்ப்பப்பையில் ஒட்டி வளர்வது தடைப்பட்டது. நீர்ச்சாறு என்பதைக் கவனியுங்கள். நாம் போடும் கஷாயமும் நீர்ச்சாறுதான். எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது, உண்மை. அதே காரணத்தால் ‘அரை ஸ்பூன் போட்டால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லவும் யாரிடமும் கணக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துச் சோதித்து யாரும் பாதுகாப்பான அளவு வகுக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டுக் கீரையையும் தள்ளி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத பயம். இரும்பும் கால்சியமும் உள்ள கீரையை உணவின் அளவில், வேகவைத்துத் தின்பதில் தவறில்லை. ஒரு இடத்தில் மட்டும் கோடு போடுவேன்: கீரையை வடித்துச் செறிவாக்கிய சாறு, கேப்சூல். செறிவான இலைச்சாறு கொடுத்த எலிகளிலும் கருச்சிதைவு நடந்திருக்கிறது. ஒரு கிண்ணம் கீரை வேறு, அதைக் காய்ச்சிச் சுண்ட வைத்த சாரம் வேறு.

தங்கை கதைக்கு வருகிறேன். பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, சூடில்லாத தண்ணீர் சில துளி விட்டு, மூடி வைத்து ஐந்து நிமிடம் கழித்து முகரச் சொன்னேன். காய்ந்த பொடியில் அந்தக் காரம் தூங்கிக் கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் அதிலுள்ள நொதி வேலை செய்து அதை எழுப்பிவிடும். கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், வாசனை வராது. “கடுகு மாதிரி சுள்ளுனு இருக்கு” என்றாள். அப்படியென்றால் அதில் வேர் இருக்க வாய்ப்பு அதிகம். வாசனை வராவிட்டால் மட்டும் ‘வேர் இல்லை’ என்று நம்பிவிடாதீர்கள். பழைய பொடியில் நொதி செத்திருக்கலாம், பட்டை மட்டும் இருந்தால் இப்படிச் சுள்ளென்று ஏறாமலும் போகலாம்.

அன்று சாயங்காலமே அவளை மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொன்னேன். எத்தனை ஸ்பூன், எந்தெந்த நாள், கடைசியாக எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போனாள். இது முக்கியம். ‘ஏதோ மூலிகை’ என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்துடிப்பு தெரிந்தது. ரத்தக்கசிவு, விட்டு விட்டு இழுக்கும் அடிவயிற்று வலி, படபடப்பு, கடுமையான தலைவலி இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். எதுவும் வரவில்லை. மொத்தம் நான்கு ஸ்பூன் குடித்திருந்தாள். அந்த அளவு பாதுகாப்பானது என்பதற்கு இது சாட்சி ஆகாது, அவள் தப்பித்தாள், அவ்வளவுதான்.

உங்கள் இடுப்பு வலியைப் பற்றி: 9 வாரத்தில் லேசான வலி வருவது உண்டு, ஆனால் விட்டு விட்டு இழுத்தால் அதையும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரண வலி என்று அவர் சொன்னால் இளஞ்சூட்டு ஒத்தடம் போதும், அதுவும் போதாவிட்டால் பாராசிட்டமால் எவ்வளவு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ‘குடிக்கத்தானே கூடாது, அரைத்துப் பற்றுப் போடுகிறேன்’ என்றும் நினைக்காதீர்கள். பச்சைப் பட்டையையோ வேரையோ அரைத்துத் தோலில் அப்பினால் அந்த இடம் சிவந்து கொப்பளிக்கும். என் மாணவன் ஒருவன் வேரைச் சீவிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிட்டு அரை மணி நேரம் குழாயடியில் நின்றான்.