டெவலப்பர் மணிக்கட்டணத்தில் பெஞ்ச் நேரம்

"டெவலப்பருக்கு மாதம் ஒரு லட்சம் ஆகிறது. பெஞ்ச் நேரத்தையும் சேர்த்து மணிக்கு எவ்வளவு பில் போடலாம்?"

பெஞ்ச் என்றால் டெவலப்பர் புராஜெக்ட் இல்லாமல், பில் போட முடியாமல் இருக்கும் நேரம். அதைச் செலவில் கூட்டாதீர்கள். வகுக்கும் மணிகளில் கழியுங்கள். வாடகை, மேலாளர், லேப்டாப் என்று தலைக்கு மாதம் 40,000 சேர்ந்தால் ஆண்டுச் செலவு 16.8 லட்சம். விடுமுறைகள் போக 230 நாள், அதாவது 1,840 மணி. அதில் 75% மட்டும் பில் ஆனால் 1,380 மணி. அடக்கவிலை மணிக்குச் சுமார் 1,217 ரூபாய்.

சரி, கட்டணத்தில் 20% லாபம் வேண்டுமா? 1.2 ஆல் பெருக்காமல் 0.8 ஆல் வகுங்கள்: 1,521. பெருக்கினால் 17% கூட நிற்காது.

அப்புறம், பில் ஆகும் விகிதத்தை மாதாமாதம் பாருங்கள். எனக்குச் சம்பள உயர்வைவிட இதில்தான் பயம். அது 60 சதவீதத்துக்கு இறங்கினால் 1,104 மணிதான். அடக்கமே 1,522 ஆகி, லாபம் முழுக்கப் போய்விடும்.