கேப் 5 என்றால் டயாலிசிஸ் எதற்கு?

கேள்வி: என் மைத்துனர் ஒரு திருவிழா இரவில் கள்ளச்சாராயம் குடித்தார். மறுநாள் நள்ளிரவில் கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றார். அரசு மருத்துவமனையில் 'ஆஸ்மோலார் கேப்' 12 என்று சொல்லி, உடனே டயாலிசிஸ் செய்தார்கள். நர்சிங் படிக்கும் என் மகள் அதே ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 5தான் வருகிறது. 10 வரை இயல்பு என்கிறாள். தேவையில்லாமல் டயாலிசிஸ் செய்துவிட்டார்களா?

பதில்: தேவையில்லாமல் செய்யவில்லை. உங்கள் மகள் கூட்டிக் கழித்ததிலும் தவறில்லை. அவர் எடுத்த சூத்திரம்தான் நம் ஊர் ரிப்போர்ட்டுக்கு ஒத்துவராது.

ரத்தத்தில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதை ஒரு கருவி நேரடியாக அளந்து சொல்லும். நீங்கள் அனுப்பிய தாளில் அது 304. எப்போதும் ரத்தத்தில் இருக்கும் சோடியம், சர்க்கரை, யூரியா ஆகியவற்றை வைத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடவும் முடியும். அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 'கேப்'. கள்ளச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் போன்ற அழையா விருந்தாளி ரத்தத்தில் இருந்தால் கருவி அதையும் எண்ணிவிடும், சூத்திரம் எண்ணாது. ஆகவே வித்தியாசம் கூடும்.

சூத்திரம் இதுதான்: 2 × சோடியம் + சர்க்கரை ÷ 18 + யூரியா ÷ 6. மைத்துனருக்குச் சோடியம் 140, சர்க்கரை 108, யூரியா 36. அதாவது 280 + 6 + 6 = 292. அளந்த 304-இலிருந்து கழித்தால் 12. அமெரிக்கப் பாடநூல்களில் 6 இருக்கும் இடத்தில் 2.8 என்றிருக்கும். அங்கே யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் ரிப்போர்ட்டில் தருகிறார்கள். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் முழு யூரியாவைத் தருகின்றன. 36-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 வந்துவிடும். கேப் 5-ஆகச் சுருங்கிவிடும். பயிற்சி மருத்துவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கைப்பேசிச் செயலிகளில் எண்ணை நிரப்பும்போது யூரியா எந்த வகை என்று பார்க்காமலே தட்டிவிடுகிறார்கள்.

சரி, 12 என்றாலும் எல்லையைச் சற்றே தாண்டியதுதானே என்று கேட்கலாம். ஆரோக்கியமானவர்களிடமே இந்த வித்தியாசம் சுமார் −14 முதல் +10 வரை இருக்கும். மைத்துனரின் வழக்கமான அளவு −5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் புதிதாக வந்து சேர்ந்தது 17. மெத்தனாலுக்கு அதை 3.2-ஆல் பெருக்க வேண்டும்: டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 54 மில்லிகிராம். அது டயாலிசிஸை யோசிக்க வைக்கும் அளவு. வழக்கமாகவே +10 உள்ளவராக இருந்தால் வெறும் 6 மில்லிகிராம்தான். அவருடைய பழைய அளவு யாருக்கும் தெரியாது. அதனால் மிக உயர்ந்த கேப் நஞ்சைச் சுட்டிக்காட்டும். இயல்பான கேப் நஞ்சு இல்லை என்று சொல்லாது.

இதைவிட முக்கியமானது நேரம். மெத்தனால் அப்படியே இருக்கும் வரைதான் கேப் உயரும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற கேப் இறங்கும், அமிலம் ஏறும். கண் நரம்பைத் தாக்குவது இந்த அமிலம்தான். கண் மங்கிய பிறகு வருபவரிடம் கேப் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. அவர் குடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

அதே தாளின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். குளோரைடு 102, பைகார்பனேட் 8. சோடியம் 140-இலிருந்து இரண்டையும் கழித்தால் 30. இது ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருப்பதைக் காட்டும் 'அனயான் கேப்'. 12-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. பி.எச். 7.05. அமிலம் இந்த அளவுக்கு ஏறி, பார்வையும் மங்கியிருந்தால் ஆஸ்மோலார் கேப் எதுவானாலும் டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்பதே நடைமுறை. மெத்தனாலையும் அமிலத்தையும் அது சேர்த்தே வெளியேற்றும். மெத்தனால் அளவை நேரடியாகச் சொல்லும் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்தால் கண் போய்விடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது இதே மெத்தனால்தான்.

மகளுக்கு இரண்டு குறிப்புகள். நீராவி அழுத்த முறையில் அளக்கும் கருவி ஆவியாகும் மெத்தனாலைத் தவறவிட்டுவிடும். உறைநிலை முறையில் அளந்ததா என்று ஆய்வகத்தில் கேட்க வேண்டும். சாராயத்தில் சாதாரண ஆல்கஹாலும் கலந்திருந்தால் அதன் மில்லிகிராம் அளவை 4.6-ஆல் வகுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் போதையே நஞ்சு போலத் தெரியும். மைத்துனரின் ரத்தத்தில் அது இல்லை.

இப்போது பார்வை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் கண் மருத்துவரிடம் கண் நரம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் காட்டுங்கள்.