ஸ்டிக்கர் கிழிந்த புரொஜெக்டர்: லென்ஸையும் பின்பக்கத்தையும் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் பதினாறு வருடமாக புரொஜெக்டர் பழுது பார்க்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அம்பாசமுத்திரம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: பழைய மாணவர் ஒருவர் புரொஜெக்டர் கொடுத்தார். அடியில் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். இது என்ன வகை? 20க்கு 20 அடி வகுப்பறைக்கு ஆகுமா?

டீச்சர், உங்கள் போட்டோக்களில் அதிகம் பேசுவது பின்பக்கம்தான். நீல நிற விஜிஏ துளை இரண்டு இருக்கிறது. ஒன்று கம்ப்யூட்டரிலிருந்து படம் உள்ளே வர, இன்னொன்று அதே படத்தை மானிட்டருக்கு வெளியே அனுப்ப. பக்கத்தில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட், சதுர வாய் யுஎஸ்பி, மஞ்சள் சிவப்பு வெள்ளைத் துளைகள். சீரியல் போர்ட் என்பது சுவரில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து புரொஜெக்டரை இயக்குவதற்கு. வீட்டுக்கென்று செய்த மலிவுப் பெட்டியில் அதை வைக்க மாட்டார்கள். ஆகவே இது அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ செய்த மெஷின். எச்டிஎம்ஐ இல்லாததால் வயது கூடியது என்றும் தெரிகிறது. புது லேப்டாப்பில் பெரும்பாலும் விஜிஏ இருக்காது, எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, இடது பக்கக் காற்றுவழியைப் பாருங்கள். கம்பிவலைக்கு ஓரத்தில் நகம் நுழையும் அளவு பள்ளம் தெரிகிறதே, அது ஃபில்டர் மூடி. வெளியிலிருந்தே கழற்றும் ஃபில்டர் இருந்தால் பெரும்பாலும் மூன்று எல்சிடி தகடு உள்ள மெஷின். அந்தத் தகடுகளைச் சுற்றிக் காற்று ஓடும், தூசி ஒட்டினால் படத்தில் மங்கலான புள்ளியாகத் தெரியும், அதனால்தான் ஃபில்டர் வைக்கிறார்கள்.

லென்ஸில் இரண்டு வளையம் இருக்கிறது. ஒன்று ஃபோகஸ், இன்னொன்று ஜூம். படம் சுவரில் 6 அடி அகலம் வரும்வரை மேஜையை நகர்த்திவிட்டு, லென்ஸிலிருந்து சுவர் வரை டேப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தை 6ஆல் வகுத்து எனக்குச் சொல்லுங்கள். ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் வந்தால் 9 முதல் 12 அடியில் நிற்கும். உங்கள் அறைக்கு அது போதும். ஆனால் மேஜை பிள்ளைகள் நடுவில் வரும், வயரைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில், கணினி ஆசிரியர்: லென்ஸ் நடுவில் இருந்தால் எல்சிடி, ஓரத்தில் இருந்தால் டிஎல்பி. இவ்வளவுதானே விஷயம்?

பாதி சரி சார். நுண்ணிய கண்ணாடிகள் நிறைந்த சில்லால் படம் காட்டும் டிஎல்பி மெஷின்களில் லென்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதை நிறையப் பார்க்கலாம். ஆனால் ஓரத்தில் லென்ஸ் உள்ள எல்சிடி மெஷின்களை நானே எத்தனையோ பிரித்திருக்கிறேன். ஃபில்டரும் ஒரு துப்புதான், முடிவு இல்லை.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. வெறும் வெள்ளைத் திரை ஓடவிட்டு, லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் விரல்களை விரித்துக் கையை வேகமாக ஆட்டுங்கள். ஒற்றைச் சில்லு டிஎல்பியில் நிழலின் ஓரங்களில் சிவப்பு, பச்சை, நீலம் சிதறும். அது நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டுகிறது, கை நகரும் வேகத்தில் அவை பிரிந்துவிடும். மூன்று தகடு எல்சிடி எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் சாதாரண நிழல் மட்டும் விழும்.

தென்காசி, டியூஷன் நடத்துபவர்: ஆன்லைனில் 9,000 லூமன், 4கே சப்போர்ட் என்று போட்டு ஐயாயிரம் ரூபாய்க்கு ஒன்று வருகிறது. முன்னால் பெரிய லென்ஸ், பின்னால் ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு யுஎஸ்பி, ஹெட்போன் அளவில் ஏவி துளை. பதினைந்து பிள்ளைகளுக்குப் போதாதா தம்பி?

வேண்டாம் அண்ணாச்சி. பெரிய ஒற்றை லென்ஸ், ஒரே வளையம், ஃபில்டர் மூடியும் பல்பு மூடியும் இல்லை, பக்கத்து வென்ட் வழியாக உள்ளே வெள்ளை எல்இடி ஒளி கசிகிறது. இப்படி இருந்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு எல்சிடி தகடு. ‘சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள், அவ்வளவு புள்ளிகள் தகட்டில் இருக்காது. எக்செல் தாளைச் சின்ன எழுத்தில் திறந்தால் அங்கேயே தெரிந்துவிடும். லூமன் எண்ணில், வெளிச்சத்தைத் தர முறைப்படி அளந்ததைச் சொல்லும் ‘ஆன்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். ராத்திரி இருட்டில் படம் பார்க்கலாம். மாலை 5 மணி டியூஷனுக்கு ஆகாது.

குட்டம் பக்கம், தலைமையாசிரியர்: எங்கள் மெஷின் கால் மணி நேரத்தில் தானாக அணைகிறது. பல்பு போய்விட்டதுதானே?

கேள்வி வேறானாலும் பதில் வென்ட்டில்தான் இருக்கிறது சார். பல்பு போயிருந்தால் பெரும்பாலும் எரியவே எரியாது. ஓடி, சூடாகி அணைகிறது என்றால் காற்று அடைபட்டிருக்கலாம். டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு வென்ட்டிலும் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ளும் பக்கம் காற்று உள்ளே போகிறது, தள்ளும் பக்கம் சூடு வெளியே வருகிறது. சூடு வரும் பக்கம் ஒரு அடியாவது திறந்திருக்க வேண்டும், சுவர் அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள்.

உங்கள் பக்கம் தேரி மண் வேறு. ஆடிக் காற்று முடிந்த பிறகு அப்படி ஒரு பள்ளி மெஷினைத் திறந்தபோது, கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டர் செங்கல் நிறத்தில் கெட்டியாகி, தட்டினால் துண்டாக உதிர்ந்தது. மிருதுவான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அதன்பிறகும் அணைந்தால் உள்ளே ஃபேனோ, வெப்ப சென்சாரோ காரணமாக இருக்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அம்பாசமுத்திரம் ஆசிரியை, மறுபடியும்: 10½ அடி தூரத்தில் 6 அடி அகலம், 4½ அடி உயரம் வருகிறது. கையை ஆட்டினேன், நிறம் சிதறவில்லை. ஆனால் வலது மூலையில் மஞ்சளாக ஒரு திட்டு. வெளிச்சம் போதுமா என்றும் தெரியவில்லை.

அப்படியென்றால் எல்சிடிதான் டீச்சர். 10½ஐ 6ஆல் வகுத்தால் 1.75, வழக்கமான லென்ஸ். இனி வெளிச்சம். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, போன் முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி சுவரில் ஒட்டிப் பிடியுங்கள். புரொஜெக்டரை அணைத்து ஒன்று, வெள்ளைத் திரை ஓடும்போது ஒன்று.

அவரே: ஜன்னல் திறந்திருக்கும்போது அணைத்தால் 180, ஓடினால் 640. மேற்கு ஜன்னலை மூடினால் 90, 550.

இரண்டு தடவையும் மெஷின் கொடுத்தது 460 லக்ஸ்தான், ஆக அளவு நம்பும்படி இருக்கிறது. உங்கள் படத்தின் பரப்பு சுமார் இரண்டரை சதுர மீட்டர். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன், ஆகவே இரண்டையும் பெருக்கினால் 1,150 லூமன் வருகிறது. நடுவில் மட்டும் அளந்திருந்தால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். பழைய பல்புக்கு இது பரவாயில்லை. ஜன்னல் திறந்திருந்தால் வெள்ளை, கறுப்பைப் போல மூன்றரை மடங்கு. எழுத்து தெரியும், ஆனால் வெளிறும். மேற்கு ஜன்னலை மூடினால் ஆறு மடங்கு, கடைசி வரிசைப் பிள்ளையும் படிக்கும். திரைக்குப் பக்கத்து ட்யூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

மஞ்சள் திட்டுதான் எனக்குக் கவலை. முழு நீலத் திரை ஒன்று ஓடவிடுங்கள். அதே இடம் கறுத்துத் தெரிந்தால் நீலத் தகடோ அதன் முன்னுள்ள, ஒளியை வடிகட்டும் போலரைசரோ வெந்துபோயிருக்கிறது. நீல ஒளி மற்ற இரண்டையும்விட அதைச் சீக்கிரம் கெடுக்கும். இந்த வயது மெஷினுக்கு மாற்றுத் தகடு போடுவது செலவுக்குத் தகுந்ததில்லை, திட்டு மெல்லப் பரவவும் செய்யும். எவ்வளவு நாளில் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். எழுத்து, கணக்கு, கோட்டுப்படத்துக்கு இப்போதே வைத்துக்கொள்ளலாம். நிறத்தை நம்பி நடத்தும் வரைபடப் பாடத்துக்கு அந்த மூலையை விட்டு நடுவில் காட்டுங்கள். புதுப் பல்புக்கு மட்டும் இப்போது பணம் போடாதீர்கள், நீலத் திரையின் போட்டோவை முதலில் அனுப்புங்கள்.